கரையான் தின்ற பில்லில் மிஞ்சிய பதினைந்து எழுத்து

கோபிப் பக்கம் எங்கள் மாமா ஒருவர் செக்கு எண்ணெய் ஆலை வைத்திருக்கிறார். போன வருடம் மழைக்காலத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கியதில், மெஷினின் கண்ட்ரோல் போர்டு புகைந்துவிட்டது. மெஷினைச் செய்தவர்களிடம்தான் அந்த போர்டு கிடைக்கும் என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். 2019-இல் வாங்கிய மெஷின். பில்லைத் தேடி எடுத்தால் அதன் மேல்பாதியைக் கரையான் தின்றிருந்தது. கம்பெனி பெயர், முகவரி, லோகோ எல்லாம் அதோடு போயிற்று. மாமா அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

“மாப்ள, பேரே போச்சு. நீதான் பில்லுக்குள்ளயே குடியிருக்கறவனாச்சே, பாத்துச் சொல்லு சாமி.”

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் கணக்கைப் பார்ப்பது என் வேலை. நாள் முழுக்க யார் யாரோ அனுப்பிய பில்களோடுதான் பிழைப்பு. மாமாவின் பில்லில் மூன்று சங்கதி தப்பித்திருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஜிஎஸ்டி எண், 04344 என்று தொடங்கும் ஒரு தொலைபேசி எண், `info@` என்று தொடங்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி. ஒரு கம்பெனியை அடையாளம் காண இவை மூன்றும் சமமான தடயங்கள் அல்ல. பலரும் முதலில் போனைத்தான் கையில் எடுப்பார்கள். நான் எப்போதும் கடைசியில்தான் அங்கே போவேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஜிஎஸ்டி எண்.

மாமாவின் பில்லில் இருந்த உண்மையான எண்ணை இங்கே போட முடியாது. அதே அமைப்பில் ஒரு பொய் எண்ணை வைத்துக்கொள்வோம்:

```
33ABCFS0000K1ZS
```

இந்தப் பதினைந்து எழுத்தை இணையத்தில் தேடுவதற்கு முன்பே பாதி விஷயம் சொல்லிவிடலாம். முதல் இரண்டு இலக்கம் மாநிலம். 33 என்றால் தமிழ்நாடு, 29 கர்நாடகம், 32 கேரளம், 34 புதுச்சேரி. அடுத்த பத்து எழுத்தும் அந்த வியாபாரத்தின் பான் எண், அப்படியே முழுதாக. அதற்கடுத்த 1, அதே பான் எண்ணில் அதே மாநிலத்தில் எடுத்த பதிவுகளில் இது முதலாவது என்பதைக் காட்டுகிறது. Z வழக்கமாக எல்லோருக்கும் வருவது. கடைசி எழுத்து, முன்னால் உள்ள பதினான்கையும் கணக்குப் போட்டு வருகிற சரிபார்ப்பு எழுத்து.

ருசியான பகுதி அந்த பான் எண்தான். அதன் நான்காவது எழுத்து, ஆள் யார் என்று சொல்லிவிடும். P என்றால் தனிநபர், அதாவது புரொப்ரைட்டர். C என்றால் கம்பெனி. F என்றால் பார்ட்னர்ஷிப் அல்லது எல்எல்பி. H இந்துக் கூட்டுக் குடும்பம், T டிரஸ்ட். ஐந்தாவது எழுத்து பெயரின் முதல் எழுத்து. தனிநபர் என்றால் அவருடைய குடும்பப் பெயரின் முதல் எழுத்து, மற்றவர்களுக்கு நிறுவனப் பெயரின் முதல் எழுத்து. ஆக, மேலே உள்ளது தமிழ்நாட்டில் பதிவான, S-இல் பெயர் தொடங்கும் ஒரு பங்குதாரர் நிறுவனம். கரையான் தின்ற பெயரின் முதல் எழுத்து கையில் வந்துவிட்டது.

(பான் எண்ணில் வரும் நான்கு இலக்கங்கள் 0001-இல் இருந்துதான் தொடங்கும். நான் 0000 போட்டிருப்பதற்கு அதுதான் காரணம். இது யாருடைய எண்ணும் ஆகாது.)

பில் மங்கியிருந்தால் 0 எது O எது, 8 எது B எது என்று கண்ணால் சொல்ல முடியாது. கடைசி எழுத்து அதற்காகத்தான் இருக்கிறது. கணக்கு சுலபம். 0 முதல் 9 வரை அதனதன் மதிப்பு, A-க்கு 10, B-க்கு 11 என்று போய் Z-க்கு 35. முதல் எழுத்தை ஒன்றால், இரண்டாவதை இரண்டால், மூன்றாவதை மறுபடி ஒன்றால் என்று மாற்றி மாற்றிப் பெருக்க வேண்டும். ஒவ்வொரு பெருக்குத் தொகையையும் 36-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்தால் நம் எண்ணுக்கு 152 வரும். 152-ஐ 36-ஆல் வகுத்தால் மீதி 8. 36-இல் 8 போக 28. 28-க்கு உரிய எழுத்து S. சரியாக இருக்கிறது.

கையால் போடச் சோம்பலாக இருப்பவர்களுக்கு:

```python
def kadaisi(g14):
    s = "0123456789ABCDEFGHIJKLMNOPQRSTUVWXYZ"
    t = 0
    for i, ch in enumerate(g14):
        p = s.index(ch) * (1 if i % 2 == 0 else 2)
        t += p // 36 + p % 36
    return s[(36 - t % 36) % 36]

print(kadaisi("33ABCFS0000K1Z"))   # S
```

இதே எண்ணில் C-யும் F-உம் இடம் மாறி `33ABFCS0000K1ZS` என்று யாரோ டைப் அடித்துவிட்டார்கள் என்று வையுங்கள். நான்காவது எழுத்து C ஆகிவிடுவதால் பார்ட்னர்ஷிப், கம்பெனியாகத் தெரியும். கணக்குப் போட்டால் கடைசி எழுத்து V வர வேண்டும், S அல்ல. பிடிபட்டுவிட்டது. ஓர் எழுத்து மட்டும் தவறியிருந்தால் இந்தக் கணக்கு கட்டாயம் காட்டிக்கொடுத்துவிடும். மங்கலான எழுத்து ஒன்றே ஒன்றுதான் என்றால், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து சரியானதைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் இந்தக் கணக்கு எழுத்துப் பிழையைத்தான் பிடிக்கும், திருட்டைப் பிடிக்காது. வேறொருவருடைய நல்ல எண்ணைத் தன் பில்லில் அச்சடித்துக்கொண்டவனுக்கு எல்லாக் கணக்கும் சரியாகவே வரும். ஆகவே அடுத்த படி, அரசாங்கப் பதிவேடு.

`gst.gov.in` தளத்தில் `Search Taxpayer` என்று ஒரு மெனு உண்டு. லாகின் தேவையில்லை. எண்ணைப் போட்டு, படத்தில் காட்டும் இலக்கங்களை அடித்தால் விவரம் வந்துவிடும். அதில் இரண்டு பெயர்கள் இருக்கும். `Legal Name of Business` என்பது பான் எண் யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயர். `Trade Name` என்பது கடைப் பலகையில் இருக்கும் பெயர். புரொப்ரைட்டர்ஷிப் என்றால் முதலாவது ஒரு மனிதரின் பெயராக இருக்கும், இரண்டாவது ‘ஏதோ எண்டர்பிரைசஸ்’ என்றிருக்கும். வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது வரை போகும் விவகாரம் என்றால் உங்களுக்கு வேண்டியது முதல் பெயர். எண்டர்பிரைசஸ் மேல் வழக்குப் போட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பிடிக்க மறுபடி அலைய வேண்டியிருக்கும்.

பதிவு தேதியையும் பார்ப்பேன். 01/07/2017 என்று இருந்தால் அது ஜிஎஸ்டி பிறந்த நாள். பெரும்பாலும் அந்த வியாபாரம் அதற்கு முன்பே வாட்டிலோ எக்சைசிலோ பதிவாகியிருந்து, அங்கிருந்து மாறி வந்தது என்று அர்த்தம். பழைய கை. போன மாதம் பதிவான தனிநபர் ஒருவர் இருபது லட்சத்துக்கு இரும்புக் கம்பி பில் நீட்டுகிறார் என்றால் எனக்குக் கை வராது. யாரோ ஒரு கூலித் தொழிலாளியின் ஆதாரையும் பானையும் வாங்கிப் பதிவு எடுத்து, சரக்கே இல்லாமல் பில் மட்டும் விற்கிற தொழில் ஒன்று இந்த நாட்டில் ஜோராக நடக்கிறது. பதிவேட்டில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். தேதியும் தொகையும்தான் சந்தேகத்தைக் கிளப்பும்.

அதே பக்கத்தில் ரிட்டர்ன் போட்ட தேதிகளும் கிடைக்கும். `Status` கட்டத்தில் `Active` என்று இருப்பதை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். கடைசி ரிட்டர்ன் எந்த மாதத்துக்கு என்று பாருங்கள். மாதா மாதம் போட வேண்டியவர் ஆறு மாதம் போடாமல் விட்டால் பதிவை ரத்து செய்ய அதிகாரிக்குச் சட்டம் இடம் தருகிறது. நடைமுறையில் அதற்குள் எத்தனையோ பில்கள் அந்த எண்ணில் பறந்துவிடும். `Active` என்பது இன்னும் ரத்தாகவில்லை என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

மாமாவின் கம்பெனி விஷயத்தில் வந்து விழுந்தது `Cancelled on application of Taxpayer`. அவர்களாகவே கேட்டு ரத்து செய்திருக்கிறார்கள். பெயர் கிடைத்தது, ஒசூர் முகவரி கிடைத்தது, கூடவே கம்பெனி இல்லை என்ற தகவலும் கிடைத்தது. பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள்.

அதே மெனுவில் `Search by PAN` என்று இன்னொன்று இருக்கிறது. ஜிஎஸ்டி எண்ணுக்குள் இருக்கும் பத்து எழுத்தை வெட்டி எடுத்து அதில் போட்டால், அந்த பான் எண்ணில் இந்தியா முழுக்க எத்தனை ஜிஎஸ்டி பதிவு உண்டோ அத்தனையும் வரும். நம் பொய் எண்ணிலேயே சொல்வதென்றால்:

```
33ABCFS0000K1ZS    Cancelled
29ABCFS0000K1ZH    Active
```

ஒசூரில் மூடிவிட்டு எல்லையைத் தாண்டி அத்திபெலே பக்கம் போய்விட்டார்கள். பஸ்ஸில் அரை மணி தூரம், ஆனால் ஜிஎஸ்டிக்கு அது வேறு மாநிலம். ஆகவே புதுப் பதிவு, புது எண். பான் மட்டும் அதே. புதிய பதிவில் டிரேட் நேம் வேறாக இருந்தது. பழைய பெயரை எத்தனை நாள் கூகிளில் தேடினாலும் கிடைக்காததற்கு அதுதான் காரணம்.

இந்த வழிக்கு ஒரு முட்டுச்சந்து உண்டு. பார்ட்னர்ஷிப் நடத்தியவர்கள் அதைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கிவிட்டால் சட்டப்படி அது புது ஆள். பானும் புதிது. நூல் அறுந்துவிடும். அப்போது பழைய முகவரியையும் பங்குதாரர் பெயர்களையும் பிடித்துக்கொண்டு கம்பெனிப் பதிவேட்டுக்குப் போக வேண்டும்.

கம்பெனி என்று ஆகிவிட்டால் இன்னொரு எண் கிடைக்கும், சி.ஐ.என். என்கிற இருபத்தொரு எழுத்து. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, ஒவ்வொரு கம்பெனியும் தன் பில், லெட்டர்பேடு எல்லாவற்றிலும் இதை அச்சிட வேண்டும் என்கிறது. அச்சிடாதவர்கள் ஏராளம், அது வேறு கதை. இருந்தால் இப்படி இருக்கும்:

```
U29100TZ2012PTC000000
```

U என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடாத கம்பெனி, பட்டியலிட்டது L. அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை. பிறகு மாநிலம், பதிவான ஆண்டு, PTC என்றால் பிரைவேட் லிமிடெட், கடைசி ஆறு இலக்கம் பதிவெண். மாநில எழுத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. சென்னைப் பதிவாளரிடம் பதிவானால் TN, கோயம்புத்தூர்ப் பதிவாளரிடம் பதிவானால் TZ. TZ என்று பார்த்தாலே மேற்கு மாவட்டத்துக் கம்பெனி என்று புரிந்துகொள்ளலாம். `mca.gov.in` தளத்தின் கம்பெனி விவரப் பக்கத்தில் இந்த எண்ணைத் தேடினால் பதிவு முகவரியும், கம்பெனி உயிரோடு இருக்கிறதா `Strike Off` ஆகிவிட்டதா என்பதும் தெரிந்துவிடும்.

பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை என்றால் உடனே திருடன் என்று முடிவுகட்ட வேண்டாம். தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும் வரை, சேவை தருபவருக்கு 20 லட்சத்தைத் தாண்டும் வரை, பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. அவர்களிடம் வேறு எண் இருக்கும். தின்பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும், 2022 ஜனவரி முதல் அது விதி. சந்தேகப்பட வேண்டியது வேறு இடத்தில். பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாமல் ‘ஜிஎஸ்டி 5%’ என்று மட்டும் ஒரு வரி இருக்கிறதா, அது தவறு. எண் இருந்து, பதிவேட்டில் தேடினால் `Composition` என்று வருகிறதா, அவர் வாடிக்கையாளரிடம் வரி வாங்கவே கூடாது. எங்கள் ஆபீஸ் பக்கத்து ஓட்டல் ஒன்றில் இரண்டாவது வகையைப் பார்த்தேன். பதிவேட்டுப் பக்கத்தைக் காட்டிக் கேட்டதும் முதலாளி வாய் பேசாமல் வரியைக் கழித்துவிட்டு மீதியைக் கொடுத்தார். இன்றைக்கும் அந்த வரி பில்லில் அச்சாகிக்கொண்டுதான் இருக்கிறது.

இனி மின்னஞ்சல். @ குறிக்குப் பின்னால் `gmail.com` என்றிருந்தால் அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. சொந்த டொமைன் என்றால் கொஞ்சம் கிடைக்கும், பலர் நினைக்கும் அளவுக்கு அல்ல. முதலில் அந்த டொமைனை அப்படியே பிரவுசரில் போட்டுப் பார்ப்பேன். தளம் இருந்தால் முகப்பை விட்டுவிட்டு நேராக அடிக்குப் போவேன். `Privacy Policy`, `Terms` பக்கங்களில்தான் சட்டப்பூர்வப் பெயர் ஒளிந்திருக்கும். முகப்பில் பிராண்டு பெயர் மின்னும், கீழே எந்தக் கம்பெனி, எந்த ஊர் நீதிமன்றத்துக்கு உட்பட்டது என்று ஒரு வரி இருக்கும்.

தளம் செத்துவிட்டிருந்தால் `web.archive.org`. மாமாவின் பில்லில் இருந்த டொமைன் காலாவதி ஆகியிருந்தது, ஆனால் 2018-இல் அந்தத் தளம் எப்படி இருந்தது என்பதன் நகல் அங்கே கிடைத்தது. அதே ஒசூர் முகவரி, அதே 04344 எண். ஜிஎஸ்டி பதிவேடும் பழைய தளமும் ஒன்றையொன்று பார்க்காமல் ஒரே முகவரியைச் சொல்லும்போதுதான் எனக்கு நம்பிக்கை வரும்.

டொமைனை யார் வாங்கினார் என்று பார்க்க ஹூஇஸ் என்று ஒரு பழைய வழி உண்டு:

```
whois example.com
dig example.com MX
```

2018 மே மாதம் வரை, பதிவு செய்தவரின் பெயர், வீட்டு முகவரி, செல்போன் எல்லாம் அதில் பட்டவர்த்தனமாக வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு பெரும்பாலான டொமைன்களுக்குப் பெயர் இருக்கும் இடத்தில் `REDACTED FOR PRIVACY` என்றுதான் வருகிறது. பெயர் போனாலும் ஒரு வரி மிஞ்சியிருக்கிறது, `Creation Date`. முப்பது வருடப் பாரம்பரியம் என்று சொல்லிக்கொள்ளும் நிறுவனத்தின் டொமைன் மூன்று வாரத்துக்கு முன் பிறந்தது என்றால், அந்த ஒரு வரி போதும். இரண்டாவது கட்டளை, அந்த டொமைனின் மெயில்கள் எந்த சர்வருக்குப் போகின்றன என்று காட்டும். கூகிள் என்றோ மைக்ரோசாஃப்ட் என்றோ வரும். அது மெயில் சேவை தருபவரின் பெயர். டொமைனின் சொந்தக்காரர் அவர்கள்தான் என்று குழப்பிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு குழப்பம் `.co.in`. அதில் ‘கோ’ இருப்பதால் பதிவான கம்பெனிக்குத்தான் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. கிடையவே கிடையாது. காசு கட்டினால் யாருக்கும் கிடைக்கும். தகுதி பார்த்துக் கொடுப்பது `gov.in`, `ac.in` போன்றவைதான். இப்போது வங்கிகளுக்கென்று `bank.in` வந்திருக்கிறது. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் அதற்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. அந்த முடிவோடு ஒரு டொமைன் இருந்தால் அது வங்கிதான் என்று நம்பலாம், ஆனால் முடிவு என்றால் கடைசியில் இருக்க வேண்டும். டொமைனை வலது பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டும். `bank.in.example.com` என்பது `example.com`-காரருடையது. m இருக்க வேண்டிய இடத்தில் r-உம் n-உம் ஒட்டிக்கொண்டு `exarnple.com` என்று வந்தால் கைபேசித் திரையில் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதனால் நான் மெயிலில் இருக்கும் டொமைனைக் கைபேசியில் வைத்து ஒப்பிடுவதில்லை. பழைய மெயிலின் முகவரியையும் புதியதின் முகவரியையும் நோட்பேடில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி, எழுத்துருவைப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

கடைசியில் தொலைபேசி. இந்தியாவில் ஒரு செல்போன் எண் யாருடையது என்று பொதுமக்கள் பார்க்கும்படியான அதிகாரப்பூர்வப் பட்டியல் எதுவும் கிடையாது. சிம் வாங்கும்போது கொடுத்த விவரம் கம்பெனியிடம் இருக்கும், போலீஸ் சட்டப்படி கேட்டால் கொடுப்பார்கள். ‘நம்பர் கொடுங்க, அட்ரஸ் எடுத்துத் தர்றேன்’ என்று காசு கேட்பவர் ஒன்று பொய்யர், இல்லையென்றால் குற்றவாளி. எண்ணின் முதல் நான்கு இலக்கத்தைப் பார்த்து எந்த நெட்வொர்க், எந்த ஊர் என்று சொல்வதும் பழங்கதை. எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்துவிட்டது, 2015 ஜூலையில் இருந்து மாநிலம் விட்டு மாநிலமும் கொண்டுபோகலாம்.

ட்ரூகாலர் சொல்லும் பெயர் பதிவேட்டுப் பெயர் அல்ல. யார் யாரோ தங்கள் போனில் அந்த எண்ணை என்ன பெயரில் சேமித்தார்களோ அதன் சாரம்தான். ‘ஒசூர் செக்கு மெஷின் ராஜா’ என்று வந்தால் அது ஒரு துப்பு, ஆதாரம் அல்ல. இன்னொன்று, துண்டித்த செல் எண் 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். ஆறு வருடத்துக்கு முந்தைய பில்லில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டால் எடுப்பவர் சம்பந்தமே இல்லாத யாரோவாக இருக்கலாம். போனைக் கடைசிக்குத் தள்ளுவதன் காரணம் இதுதான்.

தரைவழி எண் அப்படி அல்ல. அதன் எஸ்டிடி கோடு ஊரைவிட்டு நகராது. 04344 ஒசூர், 0422 கோயம்புத்தூர், 0421 திருப்பூர். மாமாவின் பில்லில் அந்த ஐந்து இலக்கம்தான் முதல் நிமிடத்திலேயே ஒசூர் என்று சொன்னது. எண்ணைக் கூகிளில் தேடும்போது ஒரே மாதிரி தேடாமல், மேற்கோள் குறிக்குள் வைத்து, எஸ்டிடி கோடுக்குப் பின் இடைவெளி விட்டு, கோடு போட்டு, சேர்த்து எழுதி என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். வியாபாரப் பட்டியல்களிலும் பழைய டெண்டர் ஆவணங்களிலும் ஆளுக்கொரு விதமாக அச்சடித்திருப்பார்கள். இந்த முறை அது தேவைப்படவில்லை. 29-இல் தொடங்கும் பதிவின் டிரேட் நேமைத் தேடியதும் அவர்களுடைய இப்போதைய தளமும் எண்ணும் வந்துவிட்டன. மாமா கூப்பிட்டுப் பேசினார். பழைய மாடல் போர்டு இல்லை, புது மாடலை இதற்குப் பொருத்தித் தருகிறோம் என்றார்கள். விலையைக் கேட்டு மாமா திட்டியதை இங்கே எழுத முடியாது.

இதுவரை சொன்னது, காணாமல் போன கம்பெனியைத் தேடும் கதை. தினமும் ஆபீசில் வருவது நேர் எதிரான கேள்வி: கம்பெனி நமக்குத் தெரிந்ததுதான், இந்த பில்லை அனுப்பியது அந்தக் கம்பெனிதானா? ஜிஎஸ்டி எண் சரி, பதிவேட்டில் இருக்கிறது, ரிட்டர்ன் போடுகிறார்கள், லெட்டர்பேடு சரி. கீழே ஒரே ஒரு வரி மாறியிருக்கும்: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிமேல் இந்தக் கணக்கில் செலுத்தவும்.’ மேலே சொன்ன எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது. ஏனென்றால் திருடிய பில்லில் எல்லா எண்ணும் அசல்தான், கணக்கு எண் மட்டும்தான் திருடனுடையது.

இங்கே உதவுவது வங்கி. 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும்போது, கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி கோடையும் போட்டால் கணக்குதாரரின் பெயரைக் காட்டும் வசதியைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொல்லியிருக்கிறது. பணம் அனுப்பும் முன் அந்தப் பெயரைப் பாருங்கள். பிரைவேட் லிமிடெட் என்றாலும் பார்ட்னர்ஷிப் என்றாலும் கணக்கு நிறுவனத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். தனிமனிதர் பெயர் வந்தால் நிறுத்துங்கள். புரொப்ரைட்டர்ஷிப் என்றால் முதலாளியின் பெயர் வரலாம், அதை ஜிஎஸ்டி பக்கத்தில் உள்ள லீகல் நேமோடு ஒப்பிட்டால் போதும்.

பெயர் பொருந்தினாலும் கணக்கு மாறியிருக்கிறது என்றால் ஒரு போன் செய்துவிடுங்கள். அந்த மெயிலிலோ பில்லிலோ இருக்கும் எண்ணுக்கு வேண்டாம், நீங்கள் போன வருடம் பேசிய பழைய எண்ணுக்கு. அவர்கள் “நாங்க ஒண்ணும் மாத்தலையே” என்று சொன்னால் பணம் மிஞ்சியது. ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது என்றால் அடுத்த போன் 1930-க்கு. இணைய மோசடிக்கான அரசின் உதவி எண் அது. பணம் அந்தக் கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவும் முன் அங்கே முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வழி உண்டு, ஆகவே ஆடிட்டரைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று மறுநாள் வரை வைத்திருக்காதீர்கள்.